11 வினாடிக் கவிதை, 33 வினாடி வீடியோ

மங்கலான ஒரு காட்சி. மெல்லிய மழைச் சத்தம். கவிதை வரிகள் ஒவ்வொன்றாகத் திரையில் தோன்றி மறைகின்றன. பேசும் குரல் இல்லை, முகம் இல்லை, ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மனம் சோர்ந்தவருக்கு நாலு நல்ல வார்த்தை சொல்வதற்காகச் செய்யப்படும் இந்தச் சின்ன வீடியோக்கள் காலையில் கண் விழித்ததும் எல்லார் போனிலும் வந்து நிற்கின்றன. அவற்றில் பலவற்றைப் பாதியிலேயே தள்ளிவிடுகிறோம். கவிதை மோசமாக இருப்பது மட்டும் அதற்குக் காரணமில்லை. ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அது போய்விடுகிறது, அல்லது படித்து முடித்த பிறகும் அசையாமல் நிற்கிறது. இரண்டில் எது நடந்தாலும் விரல் அடுத்த வீடியோவுக்கு நகர்ந்துவிடும்.

எடிட்டிங் செயலியில் வரிகளைச் சேர்க்கும்போது பெரும்பாலும் எல்லா வரிக்கும் ஒரே அளவு நேரம்தான் தானாக விழும். செய்கிறவர் அதை அப்படியே விட்டுவிடுகிறார். மூன்று சொல் வரிக்கும் ஏழு சொல் வரிக்கும் ஒரே நேரம். கேள்விக்கும் பதிலுக்கும் ஒரே நேரம். இந்த வகை வீடியோவில் செலவழிக்க வேண்டிய உழைப்பில் பாதி, ஒரு வரி எப்போது வர வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எப்போது போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில்தான் இருக்கிறது.

திரையில் எழுத்து எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைப் படங்களுக்கு சப்டைட்டில் எழுதுகிறவர்கள் நெடுங்காலமாக யோசித்து வந்திருக்கிறார்கள். இரண்டு முழு வரிகள் நிறைந்த ஒரு சப்டைட்டிலுக்கு 6 வினாடி என்பது தொலைக்காட்சிக் காலத்துப் பழைய கணக்கு. நெட்ஃபிளிக்ஸ் தன் சப்டைட்டில்காரர்களுக்கு வைத்திருக்கும் விதி, எந்தத் துண்டும் ஒரு வினாடியில் ஆறில் ஐந்து பங்குக்குக் குறையக் கூடாது, 7 வினாடிக்கு மேல் போகக் கூடாது என்கிறது. இந்தக் கணக்குகளை அப்படியே எடுத்துக் கவிதைக்குப் போட முடியாது. சப்டைட்டில் நடிகரின் வாயைத் துரத்தி ஓடுகிற எழுத்து. அடுத்த வசனம் வந்துவிடுமே என்ற அவசரம் அதற்கு உண்டு. குரலற்ற கவிதை வீடியோவில் துரத்துவதற்கு எதுவும் இல்லை. படிப்பவரின் மனத்துக்குள் ஒரு குரல் மெதுவாகச் சொல்லிக்கொண்டு போகிறது. அந்தக் குரலின் வேகத்தைத்தான் நாம் அளக்க வேண்டும்.

அளப்பதற்கு ஒரு கவிதை தேவை. இந்தக் கட்டுரைக்காக நான் எழுதிய ஆறு வரிகளையே வைத்துக்கொள்வோம்:

இன்று ஒன்றும் நடக்கவில்லை
என்று நினைக்கிறாய்.
விதை ஊன்றிய அன்றும்
மண் இப்படித்தான் கிடந்தது.
தண்ணீர் ஊற்றியவள் மட்டும்
மறுநாளும் வந்தாள்.

தமிழில் எழுத்தையே நேரத்தால் அளந்து வைத்திருக்கிறார்கள். இயல்பாகக் கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்கிறது தொல்காப்பியம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை. வீடியோவுக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டியதில்லை. புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்ற எழுத்துகளை மட்டும் எண்ணினால் போதும். முதல் வரியில் இ, று, ஒ, று, ந, ட, க, வி, லை என்று ஒன்பது. இரண்டாவதில் ஆறு, மூன்றாவதில் ஏழு, நான்காவதில் ஒன்பது, ஐந்தாவதில் எட்டு, ஆறாவதில் ஆறு. மொத்தம் 45.

சாதாரணப் பேச்சில் நாம் இதைவிட வேகமாகத்தான் போவோம். ஆனால் கவிதையை நிதானமாக வாய்விட்டுச் சொன்னால் வினாடிக்கு நாலு எழுத்து என்ற அளவில் வருகிறது. உங்கள் கவிதையை உங்கள் குரலில் போனிலேயே பதிந்து, நேரத்தைப் பார்த்து இந்த எண்ணைச் சரிசெய்துகொள்ளலாம். நாலு என்று வைத்தால் 45 எழுத்துக்கு 11 வினாடி சொச்சம். கவிதை முழுவதையும் படிக்க அவ்வளவுதான் ஆகிறது. மீதி நேரத்தை எங்கே, எப்படி வைப்பது என்பதுதான் இனி வேலை.

முதலில், எழுத்து தோன்றியதும் கண் அங்கே போய்ச் சேர வேண்டும். காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண், வரி முழுமையாகத் தெளிந்த பிறகுதான் படிக்கத் தொடங்கும். அதற்கு ஒரு வினாடி கொடுக்கிறேன். வரி மெல்லத் தெளிந்து வருவதற்கு அரை வினாடி வைத்தால் அதுவும் இந்த ஒரு வினாடிக்குள்ளேயே அடங்கிவிடும். தெளிந்துவரும் நேரம் படிக்கும் நேரமாகாது என்பது முக்கியம். இரண்டு வினாடி எடுத்து மங்கலிலிருந்து மெல்ல வெளிவருகிற வரி அழகாகத் தெரியும். ஆனால் அந்த இரண்டு வினாடியும் யாரும் எதுவும் படித்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது, வாக்கியம் எங்கே முடிகிறது என்பது. 'இன்று ஒன்றும் நடக்கவில்லை' என்பது பாதி வாக்கியம். அது மறைந்து அந்த இடத்தில் 'என்று நினைக்கிறாய்' என்று வந்தால், படிப்பவர் போன வரியை நினைவில் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. எனவே முதல் வரி நிற்க, அதன் கீழே இரண்டாம் வரி வர வேண்டும். பிறகு இரண்டும் சேர்ந்து மறைய வேண்டும். இந்தக் கவிதை இப்படி மூன்று ஜோடிகளாகப் பிரிகிறது.

இங்கே ஒரு தொல்லை காத்திருக்கிறது. ஒரே எழுத்துப் பெட்டியில் முதலில் ஒரு வரியும் பிறகு இரண்டு வரியும் போட்டால், செயலி அந்தப் பெட்டியைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவருவதற்காக முதல் வரியைச் சற்று மேலே தூக்கிவிடும். படித்துக்கொண்டிருக்கும் வரி குதித்தால் அமைதி அங்கேயே கலைந்துவிடும். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனி அடுக்கு வைத்து, இரண்டுக்கும் இடத்தை முதலிலேயே நிலையாகக் குறித்துவிட வேண்டும். தொடங்கும் நேரம் வேறு வேறாகவும், முடியும் நேரம் ஒன்றாகவும் இருக்கும்.

இப்போது கவிதையை நேரத்தில் வைத்துப் பார்க்கலாம். காட்சியும் மழைச் சத்தமும் ஒன்றரை வினாடி தனியாக ஓடட்டும். 1.5-இல் முதல் வரி. கண் சேர ஒன்று, ஒன்பது எழுத்துக்கு இரண்டே கால், ஆக மூன்றே கால் வினாடி. சற்றுத் தாராளமாக 5-ஆவது வினாடியில் இரண்டாம் வரி. இதற்குக் கண் ஏற்கெனவே பக்கத்தில் இருப்பதால் சேர அரை வினாடி போதும். ஆறு எழுத்துக்கு ஒன்றரை. 7-இல் படித்து முடித்துவிடுவார்கள். அதன்பின் ஒன்றரை வினாடி ஜோடி அப்படியே நிற்கிறது. 8.5-இல் மங்கத் தொடங்கி 9-இல் மறைகிறது. ஒரு வினாடி வெறும் திரை.

10-இல் மூன்றாம் வரி, 13-இல் நான்காம் வரி. ஒன்பது எழுத்தைப் படித்து முடிக்க ஏறக்குறைய 15.75 ஆகும். 'மண் இப்படித்தான் கிடந்தது' என்பதில்தான் கவிதை திரும்புகிறது. படிப்பவர் தன்னுடைய இன்றைய நாளை அந்த மண்ணின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு நேரம் கொடுத்து 18 வரை நிறுத்துகிறேன். 18.5-இல் திரை காலியாகிறது. இந்த இடைவெளி முந்தையதைவிடப் பெரிது, 2 வினாடி.

20.5-இல் ஐந்தாம் வரி. கணக்குப்படி 23.5-இல் கடைசி வரி வரலாம். 'மட்டும்' என்ற சொல்லில் ஒரு சின்ன எதிர்பார்ப்பு நிற்கிறது. அதை அரை வினாடி நீட்டி 24-இல் ஆறாம் வரியைக் கொண்டுவருகிறேன். 26-இல் படித்தாயிற்று. 29.5 வரை அது நிற்கிறது. பிறகு மழை மட்டும். 30-இலிருந்து சத்தம் தணியத் தொடங்கி 33-இல் முடிகிறது.

மொத்தம் 33 வினாடி. படிப்பதற்குத் தேவை 11 என்று பார்த்தோம். மீதி 22 வினாடியும் கண் நகர்வதற்கும் வரி மனத்தில் தங்குவதற்கும் உரியவை. வீடியோவைச் சுருக்க வேண்டும் என்று தோன்றினால் இந்த 22-இலிருந்து வெட்டாதீர்கள். கவிதையிலிருந்து ஒரு ஜோடியை எடுத்துவிடுங்கள்.

இனி சத்தம். இதில் பலரும் இனிமையைத் தேடிப் போகிறார்கள்; பியானோ, புல்லாங்குழல், தம்புரா. எனக்கு இனிமையைவிட வேறொன்று கவலை தருகிறது. தாளமுள்ள எந்த இசைக்கும் சொந்தமாக ஒரு கடிகாரம் இருக்கிறது. நாலு வினாடிக்கு ஒருமுறை பியானோவின் சுரக்கூட்டு மாறினால், காது அடுத்த மாற்றத்தை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். நம் வரி அதற்கு அரை வினாடி முன்னாலோ பின்னாலோ வந்தால், தவறிப்போனது போலத் தெரியும். சரிப்படுத்துவதற்காக வரிகளை இசையோடு இழுத்துக் கட்டினால், மேலே போட்ட கணக்கு முழுவதும் போய்விடும். தம்புராவுக்கும் நாலு தந்தியை மீட்டி வரும் ஒரு சுற்று உண்டு. மழை, கடல், மரத்தில் காற்று ஆகியவற்றுக்கு இப்படிப்பட்ட கடிகாரம் இல்லை. கடலுக்குக்கூட அலை விழும் ஒரு முறை இருக்கிறது. மழைக்கு அதுவும் கிடையாது. அதனால்தான் நேரம் குறித்த வரிகளுக்கு மழை இவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது.

மழையை நீங்களே பதியலாம். தகரக் கூரையின் கீழ் வேண்டாம். அந்த அடி கடுமையாக இருக்கும். இலைகளின் மேலும் மண்ணின் மேலும் விழும் மழை, சற்றுத் தள்ளியிருந்து கேட்டால், மென்மையாக இருக்கும். போனைக் கையில் பிடிக்காமல் திண்ணையில் ஒரு மடித்த துண்டின் மேல் வைத்துவிடுங்கள். மைக்கில் காற்று நேரடியாக அடித்தால் 'டம் டம்' என்று ஓர் அதிர்வு பதிவாகும். சுவரின் மறைவில் வைத்தால் அது குறையும். பேச்சைப் பதியும் செயலிகள் சிலவற்றில் பின்னணி இரைச்சலைத் தானாக அடக்கும் வசதி இருக்கும். அந்த வசதியின் கண்ணுக்கு மழையே இரைச்சல்தான். பதிவு ஏறி இறங்கி, நடுநடுவே காணாமல் போவது போலக் கேட்டால் அதுதான் காரணம். அதை அணைத்துவிட்டுப் பதிய வேண்டும். குறைந்தது மூன்று நிமிடமாவது விடாமல் பதிந்துகொள்ளுங்கள். அதில் வண்டி ஹாரன் இல்லாத 33 வினாடி நிச்சயம் கிடைக்கும்.

வேறொருவர் பதிந்த மழைக்கும் உரிமையாளர் உண்டு என்பதை ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஃப்ரீசவுண்ட் போன்ற தளங்களில் ஒலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் சிலவற்றுக்குப் பதிந்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும், சிலவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொன்றின் உரிமத்தையும் படித்துவிட்டு எடுங்கள்.

கையில் கிடைத்தது சின்னத் துண்டு என்றால் அதைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டிவரும். ஒட்டும் இடத்தில் 'டக்' என்று ஒரு வெட்டு கேட்கும். ஒரு துண்டின் கடைசி இரண்டு வினாடியும் அடுத்த துண்டின் முதல் இரண்டு வினாடியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்து, ஒன்றைத் தணித்து மற்றதை ஏற்றினால் ஒட்டு தெரியாது. எம்பி3 கோப்பை நேராக ஒட்டினால் நடுவில் ஒரு நொடிப் பொழுது மௌனம் விழும், ஏனென்றால் அந்த வடிவத்தில் சுருக்கும்போது தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்சம் வெற்றிடம் சேர்ந்துவிடுகிறது. வேவ் கோப்பாக வைத்து ஒட்டுவது நல்லது.

ஒட்டு தெரியாவிட்டாலும் இன்னொன்று காட்டிக்கொடுக்கும். துண்டில் ஒரே ஒரு காக்கை கரைந்திருந்தால், அது பத்து வினாடிக்கு ஒருமுறை அதே மாதிரி கரையும். இரண்டாம் முறையிலேயே காது கண்டுபிடித்துவிடும். இதற்கு ஒரு வழியை ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோவின் வேலையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். 1978-இல் அவர் வெளியிட்ட 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' என்ற தொகுப்பில் நீளம் வேறுபட்ட ஒலிநாடா வளையங்களை ஒன்றாக ஓட்டினார். நீளங்கள் ஒத்துப்போகாததால் ஒலிகள் ஒவ்வொரு முறையும் புதிய இடத்தில் சந்தித்துக்கொண்டன. நாமும் மழையை 17 வினாடித் துண்டாகவும் பறவை ஒலியை 23 வினாடித் துண்டாகவும் தனித்தனி அடுக்கில் ஓட்டினால், இரண்டும் தொடங்கிய நிலைக்கே சேர்ந்து திரும்ப 391 வினாடி ஆகும். அரை நிமிட வீடியோவுக்கு அது தாராளம். பின்னணி இசையைக் கவனித்தும் கேட்கலாம், கவனிக்காமலும் இருக்கலாம், இரண்டுக்கும் அது இடம் தர வேண்டும் என்பதும் ஈனோ அப்போது எழுதிய கருத்துதான். கவிதைக்குக் கீழே ஓடும் மழைக்கு இதைவிடச் சரியான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

எவ்வளவு சத்தமாக வைப்பது? போனின் ஒலியைப் பாதியில் வைத்து, கை நீட்டும் தூரத்தில் பிடித்துக் கேளுங்கள். அமைதியான அறையில் மழை கேட்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் பேசினால் அது பேச்சுக்கு வழிவிட வேண்டும். பாட்டு வீடியோக்களின் உரப்புக்கு மழையை ஏற்றினால் அது மழையாக இருக்காது, அருவியாகிவிடும். உரப்பை அளக்கும் வசதி உங்கள் செயலியில் இருந்தால், எல்.யு.எஃப்.எஸ் என்ற அலகில் −24-லிருந்து −28 வரை வைக்கலாம். யூடியூப் உரத்த வீடியோக்களைத் தானே தணிக்கும், மெல்லியவற்றை ஏற்றாது. எனவே நீங்கள் வைத்த மென்மை அங்கே அப்படியே இருக்கும்.

மழையில் இன்னொரு சிக்கல், அதைச் சுருக்குவது கடினம். மழை என்பது ஒழுங்கில்லாத ஆயிரம் சின்னச் சத்தங்கள். கோப்பைச் சிறிதாக்கும் முறைகள் திரும்ப வருகிற ஒழுங்கை நம்பித்தான் வேலை செய்கின்றன. வீடியோவை வெளியெடுக்கும்போது ஒலியின் தரத்தைக் குறைத்து வைத்தால், மழை தண்ணீருக்கடியிலிருந்து கொப்பளிப்பது போல மாறிவிடும். ஒலிக்கு 192 கேபிபிஎஸ் அல்லது அதற்கு மேல் வைப்பது பாதுகாப்பு. காட்சிக்கும் இது பொருந்தும். திரை முழுக்க மழைத்தாரை விழும் காட்சியின் மேல் எழுத்து வைத்தால், தாரைகளைக் காட்டுவதிலேயே தரம் செலவாகி, எழுத்தின் விளிம்பைச் சுற்றிப் பூச்சி மொய்ப்பது போல அழுக்குப் படியும். சத்தத்தில் மழை இருக்கட்டும். காட்சியில் நனைந்த ஓர் இலையோ மண்ணோ அசையாமல் இருந்தாலே போதும்.

தமிழ் எழுத்துக்குத் திரையில் கொஞ்சம் கூடுதல் இடம் வேண்டும். மேலே புள்ளியும் இகரத்தின் வளைவும், கீழே உகரத்தின் வளைவும் இருப்பதால், வரிகளுக்கிடையே ஆங்கிலத்துக்கு விடும் இடைவெளியை விட்டால் மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில் முட்டும். எழுத்து உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு வரி இடைவெளி சரியாக வரும். 'தண்ணீர் ஊற்றியவள் மட்டும்' போன்ற நீளமான வரியைத் திரை அகலத்தில் முக்கால் பங்குக்குள் அடங்கும்படி வைத்து, அதே அளவையே எல்லா வரிக்கும் கொடுங்கள். சில செயலிகளில் 'கொ' என்ற எழுத்தின் ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் விழும், அல்லது புள்ளியிட்ட வட்டம் ஒன்று முளைக்கும். அது எழுத்துருவின் குற்றமாக இருப்பது அரிது. தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாத செயலி அது. செயலியை மாற்றிப் பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் போன்ற இலவச எழுத்துருக்கள் சின்னத் திரையிலும் தெளிவாக இருக்கின்றன.

எல்லாம் முடிந்ததும், எழுதியவரே பார்த்துச் சரி சொல்லக் கூடாது. கவிதை அவருக்கு மனப்பாடம். முதல் சொல்லைப் பார்த்ததும் வரி முழுவதும் அவருக்குத் தெரிந்துவிடுவதால், எப்போதும் நேரம் அதிகமாக இருப்பதாகவே தோன்றும், வெட்டிக்கொண்டே போவார். கவிதையைப் பார்த்தே இராத ஒருவரிடம், முடிந்தால் வயதில் மூத்த ஒருவரிடம் கொடுங்கள். முதல் முறை சத்தத்தை அணைத்துவிட்டு, வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள். வரி மறைந்த பிறகும் உதடு அசைந்தால் நேரம் போதவில்லை. படித்து முடித்துக் கண் திரையின் ஓரத்துக்குப் போய்விட்டால் நேரம் அதிகம். இரண்டாம் முறை சத்தத்தோடு, மனத்துக்குள் படிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் "சத்தம் எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். "என்ன சத்தம்?" என்று யோசித்துவிட்டு, "ஆமாம், மழை பெய்ததே" என்று சொன்னால் சரியான அளவில் இருக்கிறது.

இந்த ஆறு வரியை அடுத்த வீட்டுப் பெரியம்மாவிடம் காட்டினேன். அப்போது நான்காம் வரி படித்து முடிந்து ஒரு வினாடிதான் நின்றது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தவர், "மண்ணுன்னு வந்துச்சே, அதுக்குள்ள போயிடுச்சேப்பா" என்றார். வரியை அவர் முழுதாகப் படித்திருந்தார். ஆனாலும் அது அவருக்குப் போதவில்லை. 17-இல் மறைந்துகொண்டிருந்த ஜோடியை 18-க்கு நகர்த்தியது அதற்குப் பிறகுதான். அதனால் பின்னால் இருந்த எல்லா நேரங்களும் ஒரு வினாடி தள்ளிப்போக, 32 ஆக இருந்த வீடியோ 33 ஆனது.